லூமன் வரவு, வாட்ஸ் செலவு

எலெக்ட்ரிக்கல் கடையில் பல்பு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “அண்ணே, ஒம்பது வாட்ஸ்ல ஒண்ணு குடுங்க.” கடைக்காரர் “வெள்ளையா, மஞ்சளா?” என்பார். டெஸ்ட் போர்டில் இருக்கும் ஹோல்டரில் மாட்டி ஒரு தரம் எரியவிட்டுக் காட்டுவார். பில் போட்டதும் வியாபாரம் முடிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதை இரண்டு பேருமே படிப்பதில்லை.

அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண எல்இடி பல்பு ஒன்றின் பெட்டியில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 9 வாட்ஸ், 900 லூமன், பி22, 6500 கெல்வின், 220–240 வோல்ட், 25,000 மணி நேரம். இவற்றில் வாட்ஸ், லூமன், பி22, மணி நேரம் ஆகிய நாலும் விளங்கிவிட்டால் எந்தப் பல்பு நம் வீட்டுக்கு ஆகும் என்பதைக் கடைக்காரரைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

வாட்ஸ்: பல்பு தின்னும் மின்சாரம்

வாட்ஸ் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதைச் சொல்வது லூமன். வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதுவதானால் லூமனை வரவுப் பக்கத்திலும் வாட்ஸைச் செலவுப் பக்கத்திலும் எழுத வேண்டும். நாம் செலவுத் தொகையைச் சொல்லிப் பொருள் கேட்டுப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கம் குண்டு பல்பு காலத்தில் வந்தது. அப்போது அதில் தவறும் இருக்கவில்லை. குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாய்ந்து அது பழுக்கக் காயும்போது வெளிச்சம் வரும். எந்தக் கம்பெனி பல்பானாலும் இதே இழை, இதே முறை என்பதால் 40 வாட்ஸ் என்றால் சுமார் 400 லூமன், 60 வாட்ஸ் என்றால் சுமார் 700 லூமன், 100 வாட்ஸ் என்றால் 1300 லூமன் சொச்சம் என்று கிட்டத்தட்ட நிலையாக இருந்தது. வாட்ஸைச் சொன்னாலே வெளிச்சத்தையும் சொன்னதாக ஆயிற்று.

எல்இடியில் அந்த நிலை இல்லை. ஒரே 9 வாட்ஸில் ஒரு கம்பெனி பல்பு 720 லூமனும், இன்னொன்று 900 லூமனும், வேறொன்று 1000 லூமனுக்கு மேலும் தரும். உள்ளே வைத்திருக்கும் எல்இடி சில்லின் தரம், அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் என்ற சர்க்யூட்டின் தரம், வெள்ளைக் கூடு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பது எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. இருட்டான பல்பு, பளிச்சென்ற பல்பு இரண்டின் பெட்டியிலும் “9 வாட்ஸ்” என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும்.

வாட்ஸால் பில்லில் எவ்வளவு மாறும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் என்பது 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடுவது. 9 வாட்ஸ் பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 45 வாட்-மணி. அப்படியானால் ஒரு யூனிட் முடிய 22 நாள் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். அந்த 60 நாளில் இந்தப் பல்பின் பங்கு 2.7 யூனிட். இதே இடத்தில் 60 வாட்ஸ் குண்டு பல்பு இருந்தால் 18 யூனிட்.

ஆக, பெரிய மிச்சம் குண்டு பல்பைக் கழற்றிய அன்றே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு 9 வாட்ஸுக்குப் பதில் 8 வாட்ஸ் எல்இடி போட்டால் இரண்டு மாதத்தில் கூடுதலாக மிச்சமாவது 0.3 யூனிட். அதற்காக மெனக்கெடத் தேவையில்லை. எல்இடி வாங்கும்போது எவ்வளவு வெளிச்சம் வரும், எத்தனை வருஷம் எரியும் என்பவைதான் முக்கியமான கேள்விகள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் உண்மைதானா என்ற சந்தேகம் வந்தால் வீட்டு மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று எழுதியிருக்கும். பல மீட்டர்களில் அந்த எண் 3200. ஃப்ரிட்ஜ், வைஃபை பெட்டி, டிவி ஸ்டாண்ட்பை என எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ரகத்தில் 9 வாட்ஸ் பல்பு நாலு மட்டும் எரியவிடுங்கள். மொத்தம் 36 வாட்ஸ். பத்து நிமிஷத்தில் 6 வாட்-மணி செலவாகும்; 3200 மீட்டர் என்றால் சுமார் 19 முறை மின்ன வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று முறையோடு நின்றால் அது 6 வாட்ஸ் பல்பு. “கரண்ட் மிச்சம்தானே” என்று சந்தோஷப்பட முடியாது; குறைவாகத் தின்னும் பல்பு குறைவாகத்தான் வெளிச்சம் தரும். ஒரே பல்பை வைத்துப் பார்த்தால் அவ்வளவு சிறிய மின்சாரத்தை மீட்டர் சரியாக எடுக்காமல் போகலாம். அதனால்தான் நாலு பல்பு.

லூமன்: அறைக்கு எவ்வளவு வேண்டும்?

லூமன் என்பது பல்பிலிருந்து எல்லாத் திசையிலுமாக வெளியே வரும் மொத்த ஒளி. அது அறையில் பரவி எங்கே எவ்வளவு விழுகிறது என்பதற்கு லக்ஸ் என்று இன்னொரு அளவு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்.

பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். தரை 9.3 சதுர மீட்டர். 900 லூமன் முழுதும் தரையில் விழுந்தால் சுமார் 97 லக்ஸ் கிடைக்க வேண்டும். ஆனால் சுவர், கூரை, அலமாரி, பல்பின் மேல் படிந்த தூசி எல்லாம் பாதியைத் தின்றுவிடும். வெளிர் நிறச் சுவராக இருந்தாலும் ஏறக்குறைய 50 லக்ஸ்தான் மிஞ்சும். கரும்பச்சை, மரூன் என்று அடர்நிறப் பெயிண்ட் அடித்த அறையில் அதைவிடக் குறையும்.

50 லக்ஸில் உட்கார்ந்து பேசலாம், டிவி பார்க்கலாம், நடமாடலாம். படிக்க முடியாது. புத்தகத்தின் மேல் 300 லக்ஸாவது விழுந்தால்தான் கண் சிரமப்படாது. அப்படியென்றால் அதே அறையில் ஆறு பல்பு போட வேண்டுமா? வேண்டாம், பல்பைப் பக்கத்தில் கொண்டுவந்தாலே போதும். பல்புக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் நேராக விழும் வெளிச்சம் நாலு மடங்காகும். சுவரில் ஏழடி உயரத்தில் இருக்கும் 9 வாட்ஸ் பல்பால் முடியாததை, மேஜை மேல் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும் 5 வாட்ஸ், 450 லூமன் பல்பு செய்துவிடும். படிக்கிற பிள்ளைக்காக ஹாலுக்கு 15 வாட்ஸ் பல்பு மாட்டுவதைவிட மேஜை விளக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பது மேல்.

அடுப்படியிலும் இதே கதைதான். பல வீடுகளில் பல்பு, சமைக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் இருக்கும். காய் நறுக்கும் பலகையின் மேல் அவருடைய நிழல் விழும். 9 வாட்ஸைக் கழற்றிவிட்டு 12 வாட்ஸ் மாட்டினால் நிழல் போகாது, இன்னும் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். மேடைக்கு நேர் மேலே அலமாரியின் அடியில் சின்னதாக ஒன்று வைத்தால்தான் சரியாகும்.

தோராயக் கணக்கு வேண்டுமானால் இப்படி வைத்துக்கொள்ளலாம். குளியலறை, படிக்கட்டு, பூஜை அறைக்கு 400 முதல் 500 லூமன் போதும். படுக்கையறைக்கு 900. எல்லாரும் புழங்கும் ஹாலுக்கும் அடுப்படிக்கும் 1800 முதல் 2000 வரை வேண்டும். அதை ஒரே பல்பில் எடுக்காமல் எதிரெதிர்ச் சுவரில் இரண்டாகப் பிரித்துப் போட்டால் நிழல் குறையும். நாலடி எல்இடி டியூப் லைட் 20 வாட்ஸில் ஏறக்குறைய 2000 லூமன் தரும் என்பதால் ஹாலுக்கு அதுவும் பொருத்தம்.

இரண்டு பல்பை ஒப்பிடும்போது நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. 2700, 3000 கெல்வின் குண்டு பல்பின் மஞ்சள். 4000 இரண்டுக்கும் நடுவே. ஒரே லூமன் இருந்தாலும் வெள்ளைப் பல்பு மஞ்சளைவிடப் பளிச்சென்று தோன்றும். கடையில் எரியவிட்டுப் பார்க்கும்போது கண் ஏமாறுவது இதில்தான். கண்ணை விட்டுவிட்டுப் பெட்டியில் உள்ள லூமனைப் பாருங்கள்.

பி22, இ27: பல்பின் அடிப்பாகம்

பெட்டியில் பி22 என்று போட்டிருந்தால் நம் வீட்டில் இருக்கும் சாதாரண ஹோல்டரில் மாட்டும் பல்பு. உலோக மூடியின் குறுக்களவு 22 மில்லிமீட்டர். பக்கவாட்டில் இரண்டு காதுகள், அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள். அழுத்தித் திருப்பினால் காதுகள் ஹோல்டரின் வெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த இந்த வகைதான் இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றும் வீடுகளில் அதிகம். பின் டைப் என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள்.

இ27 என்பது 27 மில்லிமீட்டர் மரை வைத்தது. திருகி ஏற்ற வேண்டும். அலங்கார விளக்குகள், வாசல் கம்ப விளக்குகள், ஆன்லைனில் வாங்கும் தொங்கு விளக்குகள் பலவும் இந்த ரகம். சரவிளக்கில் இருக்கும் மெழுகுவர்த்தி வடிவப் பல்புகளுக்கு இ14 என்ற ஒல்லி மரை இருக்கும். விளக்கு வாங்கும்போதே அதன் ஹோல்டர் என்ன வகை என்று குறித்துவைத்துக்கொண்டால் இரண்டாம் முறை கடைக்குப் போக வேண்டாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அடாப்டர் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனால் அதைப் போட்டால் பல்பு ஓரங்குலத்துக்கு மேல் வெளியே நீளும், கண்ணாடி மூடி மூடாது.

மரை ஹோல்டரில் ஒரு ஆபத்து உண்டு. பேஸ் ஒயர் நடுப்பொட்டுக்கும் நியூட்ரல் மரைக்கும் வர வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் பல்பு எரியத்தான் செய்யும். ஆனால் மரை முழுவதும் ஷாக் அடிக்கும் நிலையில் இருக்கும். பல்பைக் கழற்றும்போது விரல் பாதி வெளியே வந்த மரையில் பட்டால் வினை. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், அங்கே சுவிட்சை அணைத்தும் பயனில்லை. அதனால் மரைப் பல்பு மாற்றும்போது எம்சிபியை இறக்கிவிடுவதே நல்லது.

பி22 ஹோல்டரின் தொல்லை வேறு. அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளைப் பின்கள் இருக்கின்றன. பல வருஷம் குண்டு பல்பின் சூட்டில் வெந்த பழைய ஹோல்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பின் பல்பை முழுசாகத் தொடாது. இடைவெளியில் பொறி தட்டும். பல்பு படபடவென்று துடிக்கும், சில சமயம் மெல்லிய ‘உஸ்’ சத்தமும் கேட்கும். பல்பைக் கழற்றி அடியைப் பாருங்கள். ஈயப் பொட்டில் கரும்புள்ளியோ, உருகிக் குழிந்த இடமோ இருந்தால் குற்றவாளி ஹோல்டர்தான். “இந்தக் கம்பெனி பல்பே சரியில்ல, அடிக்கடி போகுது” என்று வீட்டில் முணுமுணுக்கும் இடங்களில், ஹோல்டரை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு. போன பல்பைக் குப்பையில் போடும் முன் வேறு ஹோல்டரில் ஒரு தரம் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் பல்பின் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். மேலே இருக்கும் வெள்ளைக் கூடு பசையால் ஒட்டியது. அதைப் பிடித்து முறுக்கினால் கூடு மட்டும் கையோடு வந்துவிடும். உள்ளே தெரியும் எல்இடித் தட்டில் பெரும்பாலும் நேரடி 230 வோல்ட் தொடர்பு இருக்கும். கூடு கழன்ற பல்பை மறுபடி மாட்டி எரியவிடக் கூடாது.

25,000 மணி நேரம்: யார் பார்த்தது?

தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 25,000 மணி நேரம் முடிய 5000 நாள், அதாவது பதிமூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை வருஷம் எரியவிட்டுப் பார்த்து யாரும் இந்த எண்ணைப் போடவில்லை. எல்இடி சில்லுகளைக் குறிப்பிட்ட சூட்டில் வைத்துச் சோதனைக்கூடத்தில் குறைந்தது 6000 மணி நேரம், அதாவது 250 நாள் இடைவிடாமல் எரியவிடுவார்கள். அதற்குள் ஒளி எவ்வளவு மங்கியது என்று அளப்பார்கள். அந்தக் கோட்டை நீட்டி மிச்சத்தைக் கணக்கிடுவார்கள். சோதித்த காலத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல் நீட்டக் கூடாது என்பது விதி.

ஆயுள் முடிந்தது என்பதற்கும் எல்இடி உலகில் அர்த்தம் வேறு. குண்டு பல்பு இழை அறுந்து பட்டென்று போகும். எல்இடி சில்லு அப்படியே எரிந்துகொண்டு மங்கிக்கொண்டே வரும். ஆரம்பத்தில் இருந்த வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் தீர்ந்ததாகக் கொள்வார்கள். சில பெட்டிகளில் இதை எல்70 என்று போட்டிருக்கும். 900 லூமன் பல்பு 630 லூமனுக்கு வந்துவிட்டால் அது எரிந்துகொண்டிருந்தாலும் கணக்குப்படி முடிந்த பல்பு. வருஷக்கணக்கில் மெதுவாக மங்குவதால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் புதுப் பல்பு மாட்டும்போதுதான் “இது என்ன இவ்வளவு டல்லா எரியுது?” என்று தோன்றும்.

ஆனால் வீட்டில் போகிற எல்இடி பல்புகளில் பல இப்படி வயதாகிப் போவதில்லை. இளவயதிலேயே திடீரென்று போகின்றன. காரணம் பெரும்பாலும் சூடுதான்.

எல்இடி குளிர்ச்சியானது என்று பேச்சு. 9 வாட்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஒளியாக வருகிறது. மீதி ஆறு வாட்ஸ் சூடாக மாறி பல்பின் கழுத்துக்குள்ளேயே தங்குகிறது. கழுத்துக்குள் இருப்பது டிரைவர் சர்க்யூட். பல பல்புகளின் டிரைவரில் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் என்ற குட்டி உருளை ஒன்று இருக்கும். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு: 10 டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதி.

105 டிகிரியில் 5000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல்பு திறந்த ஹோல்டரில் காற்றாடத் தொங்கி, உள்ளே 85 டிகிரி இருந்தால் அது 20,000 மணி நேரம் வரும். அதே பல்பைக் குளியலறையிலோ வாசலிலோ இருக்கும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட்டு, உள்ளே 105 டிகிரி ஆகிவிட்டால் 5000 மணி நேரம்தான். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மூன்று வருஷம்கூட முழுசாக வராது. இரவு முழுக்க எரியும் வாசல் விளக்கென்றால் ஒன்றரை வருஷம்கூட நிற்காது. பல்பு ஒன்றுதான், மாட்டிய இடம் அதன் ஆயுளை நாலில் ஒன்றாக்கிவிட்டது. மூடிய குடுவைக்குக் குறைந்த வாட்ஸ் பல்பாகப் பார்த்துப் போடுங்கள். 9 வாட்ஸ் இருக்கும் இடத்தில் 5 வாட்ஸ். வெளிச்சம் போதாவிட்டால் குடுவையைக் கழற்றிவிடுவதே வழி.

விலை குறைந்த பல்புகளில் கெப்பாசிட்டரே இல்லாத சர்க்யூட்டும் வருகிறது. வற்றிப்போக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒளியில் தெரியும். பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். வெறும் கண்ணுக்குப் புலப்படாது. செல்போன் கேமராவைத் திறந்து பல்புக்கு நேராகப் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்வது தெரியும். பட்டை அழுத்தமாக இருந்தால் அந்தப் பல்பைப் படிக்கும் மேஜைக்கு வைக்காதீர்கள்.

பல்பு எப்படிப் போனது என்பதிலிருந்தே காரணத்தை ஊகிக்கலாம். இடி மின்னலோடு, அல்லது கரண்ட் போய் வந்த நொடியில் போனால் உயர் அழுத்த அதிர்ச்சி. பெட்டியில் சர்ஜ் பாதுகாப்பு 2.5 கேவி, 4 கேவி என்று போட்டிருப்பது இதைத் தாங்கத்தான். எண் பெரிதாக இருந்தால் நல்லது. சில நிமிஷம் எரிந்து, அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால் சூட்டில் விரிசல் விட்ட சில்லு. சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் அணையும். செத்த சில்லின் மஞ்சள் முகத்தில் மிளகளவுகூட இல்லாத கரும்பொட்டு இருக்கும். ரிப்பேர் கடைகளில் அதை மட்டும் ஈயம் வைத்து இணைத்து எரியவைத்துத் தருவார்கள். அதன் பங்கு சுமையும் மற்ற சில்லுகளின் தலையில் ஏறும் என்பதால் அது அதிக நாள் ஓடாது.

ஆகவே ஆயுள் மணி நேரத்தை ஒரு ஒப்பீட்டு எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 15,000 போட்டதைவிட 25,000 போட்டது தரமான பாகங்களால் ஆனதாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி பணத்தோடு பொறுப்பேற்பது வாரண்டிக்கு மட்டும்தான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா என்பதை அதற்கு மேலாகப் பாருங்கள்.

இரண்டு பெட்டி, ஒரு கணக்கு

ஹாலுக்கு 2000 லூமன் வேண்டும் என்று ஒருவர் கடைக்குப் போகிறார். முதல் பெட்டியில் 9 வாட்ஸ், 720 லூமன், 15,000 மணி நேரம், ஒரு வருஷ வாரண்டி. விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 9 வாட்ஸ், 990 லூமன், 25,000 மணி நேரம், இரண்டு வருஷ வாரண்டி. விலை 120 ரூபாய். இரண்டும் பி22, இரண்டும் 6500 கெல்வின். “ஒம்பது வாட்ஸ்” என்று கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது 70 ரூபாய் பல்பாகத்தான் இருக்கும்.

720 லூமன் பல்பில் 2000 எட்ட மூன்று வேண்டும், 210 ரூபாய். 990 லூமன் பல்பில் இரண்டு போதும், 240 ரூபாய். கடையில் 30 ரூபாய் கூடுதல். இனி மீட்டருக்கு வருவோம். மூன்று பல்பு 27 வாட்ஸ், இரண்டு பல்பு 18 வாட்ஸ். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் முதலாவது வருஷத்துக்கு 49 யூனிட், இரண்டாவது 33 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 16 யூனிட் மிச்சம், சுமார் 96 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 30 ரூபாய் நாலு மாதத்தில் திரும்பிவிடுகிறது. மூன்றாவது பல்புக்கு ஹோல்டர், ஒயரிங், எலெக்ட்ரீஷியன் கூலி என்று ஆகும் செலவை இதில் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் வீட்டில் மின்சார மிச்சம் ரூபாயாகக் கைக்கு வராது; அங்கே வாரண்டியையும் பல்பின் எண்ணிக்கையையும் பார்த்தால் போதும். அதிகம் ஓடும் வீட்டில் மிச்சமாகும் யூனிட் உச்ச அடுக்கிலிருந்து கழிவதால் லாபம் இந்தக் கணக்கைவிடக் கூடலாம்.

இந்தக் கணக்கைப் பெட்டியிலேயே சுருக்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. லூமனை வாட்ஸால் வகுங்கள். 720-ஐ 9-ஆல் வகுத்தால் 80. 990-ஐ வகுத்தால் 110. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்ற இந்த எண் பெரிதாக இருந்தால் நல்ல பல்பு. பெட்டியில் உள்ள நட்சத்திர முத்திரையும் இதைத்தான் காட்டுகிறது. ஒரு வாட்டுக்கு லூமன் கூடக் கூட நட்சத்திரமும் கூடும். லூமனே போடாத பெட்டி என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வகுத்துப் பார்க்க வழியில்லாத பல்பை வாங்க வேண்டாம். ஐஎஸ் 16102 என்ற இந்தியத் தர நிர்ணய எண்ணும், அதோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

வாங்கி வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மார்க்கர் பேனாவால் பல்பின் கழுத்தில் மாட்டிய தேதியை எழுதிவிட்டு, பில்லை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்குள் போகும் பல்புகள் மாற்றப்படாமல் குப்பைக்குப் போவது, எப்போது வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லாததால்தான்.